கொள்கை ஆவணங்களில் சுட்டு மயக்கம்: களப்பதிவுக் கொள்கை மாதிரியொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொள்கை ஆவணங்களில் வரும் அது, இது, அவர், அவர்கள் முதலிய சுட்டுப்பெயர்கள் எப்பெயரைச் சுட்டுகின்றன என்பது தெளிவாகாதபோது, அவ்வாவணம் யாருக்கு என்ன கடமையை விதிக்கிறது, யாருக்கு எவ்வுரிமையைத் தருகிறது என்பதும் தெளிவாவதில்லை. நாட்டார் வழக்காற்றுக் களப்பதிவுகளைக் காப்பதற்கான கொள்கை மாதிரி ஒன்றின் நான்கு பிரிவுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் உள்ள சுட்டு மயக்கங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியக் கிளவியாக்க, வினையியல் விதிகள் இம்மயக்கங்களை எவ்வளவு தீர்க்கின்றன என்பதும், எவ்விடத்தில் இலக்கணம் நின்றுவிடுகிறது என்பதும் காட்டப்படுகின்றன. இலக்கணம் நின்றுவிடும் இடத்தில் திருத்துவோர் தாமே ஒரு பொருளைத் தெரிவு செய்வது உரை திருத்தம் ஆகாது. அது கொள்கை வகுத்தல் ஆகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சுட்டுப்பெயர், சுட்டு மயக்கம், கொள்கை ஆவணம், கூறியது கூறல், மயங்க வைத்தல், களப்பதிவு.

1. முன்னுரை

கவிதையில் ஒரு சுட்டுப்பெயர் இருபொருள் படுமாயின் உரையாசிரியர் இரண்டையும் எழுதிச் செல்லலாம். வாசிப்போரும் இரண்டையும் ஏற்கலாம். கொள்கை ஆவணத்தில் அவ்வாறு இயலாது. “அதனைத் திரும்பப் பெறலாம்” என்று ஆவணம் கூறுமாயின், எதனைத் திரும்பப் பெறலாம் என்ற வினாவிற்கு ஒரே விடை இருத்தல் வேண்டும். இரு விடைகள் இருப்பின், தனக்கு ஏற்ற விடையைச் செயற்படுத்தும் ஆற்றல் உடையவரே அந்த ஆவணத்திற்குப் பொருள் கூறுபவர் ஆகிறார். பெரும்பாலும் அவர் நிறுவனத்தின் பக்கம் இருப்பவர். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட பாடகரோ கதைசொல்லியோ அல்லர்.

தமிழ்த்துறைகளில் நாட்டார் வழக்காறு, வாய்மொழி வரலாறு, கிளைமொழி ஆகிய துறைகளில் களப்பணி செய்வோர் இத்தகைய ஆவணங்களை வாசிக்கவும், சில வேளைகளில் வரையவும் நேர்கிறது. ஆதலின் களப்பதிவுக் கொள்கையே இங்கு ஆய்வுக்குரிய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது. கீழே தரப்பட்டுள்ள பிரிவுகள் எந்த ஒரு நிறுவனத்தின் ஆவணத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல; இவ்வகை ஆவணங்களின் நடையைப் பின்பற்றிக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை.

பிரிவு 1: ஆய்வாளர் தகவலாளரிடம் ஒப்புதல் படிவம் பெற்ற பின்னரே ஒலிப்பதிவைத் தொடங்குதல் வேண்டும். அதன் நகல் ஒன்று அவரிடம் வழங்கப்படும்.

பிரிவு 2: ஒலிப்பதிவும் அதன் எழுத்துப்படியும் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்படும். தகவலாளர் விரும்பினால் அதனைத் திரும்பப் பெறலாம்.

பிரிவு 3: ஆய்வுக் குழு ஆவணக் குழுவிடம் பதிவை ஒப்படைத்த 30 நாட்களுக்குள் அவர்கள் அதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

பிரிவு 4: பதிவில் பெயர் இடம்பெற்ற பிறர் எவரேனும் மறுப்புத் தெரிவித்தால் அப்பகுதி நீக்கப்படும். இது தகவலாளருக்கு அறிவிக்கப்படும்.

மேலோட்டமாக வாசிக்கும்போது இந்நான்கும் தெளிவானவையாகவே தோன்றும். வாசிப்போர் தமக்கு முதலில் தோன்றும் பெயரைச் சுட்டின் இடத்தில் தம்மையறியாமல் வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். சுட்டு மயக்கம் கண்ணுக்குப் புலப்படாமல் போவதும் இதனாலேயே.

2. சுட்டு பற்றிய இலக்கண நிலை

இயற்பெயரும் சுட்டுப்பெயரும் வினையோடு சேர்ந்து வரும்போது இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வருதல் வேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. சுட்டு முற்பட வருதல் செய்யுளுக்கு உரியது என அடுத்த நூற்பா விலக்குத் தருகிறது. அதனைத் தொடர்ந்து, ‘அதனால்’ என்பது போலச் சுட்டை முதலாக உடைய காரணச் சொற்களும் இவ்வியல்பினவே எனக் கூறப்படுகிறது. இந்நூற்பாவிற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு கருதத்தக்கது. ஒருவன் கையெழுத்தில் வல்லவன் என்று கூறிவிட்டு, ‘அதனால்’ தந்தை மகிழ்வான் என்று அவ்வெடுத்துக்காட்டு தொடர்கிறது. இங்கு ‘அது’ சுட்டுவது ஒரு பெயரை அன்று. முன்தொடர் கூறிய செய்தி முழுவதையும். சுட்டு ஒரு பெயரையும் சுட்டலாம், ஒரு நிகழ்வையும் சுட்டலாம் என்ற உண்மை இவ்வுரை மரபில் முன்னரே பதிவாகியுள்ளது.

இவ்விதிகள் சுட்டு எங்கே வரவேண்டும் என்பதைக் கூறுகின்றன. முன்னே இரண்டு பெயர்கள் நின்றால் பின்வரும் சுட்டு எதனைச் சேரும் என்பதை இவை கூறவில்லை. அதற்குத் துணை செய்வன திணையும் பாலும் எண்ணும். ‘அவர்’ என்பது உயர்திணைக்கும் ‘அது’ என்பது அஃறிணைக்கும் உரியன ஆதலின், ஆய்வாளர், படிவம் என இரு பெயர்கள் முன்னின்றாலும் குழப்பம் எழாது. ஆங்கிலத்தில் ‘தே’ என்னும் பன்மைச் சுட்டு மனிதருக்கும் பொருள்களுக்கும் பொதுவாக வருவது. தமிழில் அவ்விடத்தில் ‘அவர்கள்’ என்றோ ‘அவை’ என்றோ எழுதியாக வேண்டும். ஆங்கில மூலத்தைத் தமிழாக்குவோர், மூலத்தில் இல்லாத ஒரு முடிவை எடுக்குமாறு தமிழ் இலக்கணத்தாலேயே நெருக்கப்படுகின்றனர். இந்நெருக்கடி ஒரு வகையில் நன்மையே. மூலத்தின் மயக்கம் மொழிபெயர்ப்பின்போது வெளிப்பட்டுவிடுகிறது.

எனினும் இக்காலக் கொள்கை நடையில் இத்துணைகள் மூன்றிடங்களில் வலுவிழக்கின்றன. முதலாவது, ‘அவர்’ என்பது மதிப்பொருமையாகவும் பலர்பாலாகவும் நிற்கிறது. இரண்டாவது, ‘அவை’ வரவேண்டிய இடத்தில் ‘அது’ பரவலாக வழங்குகிறது. மூன்றாவது, குழு, துறை, நிறுவனம் முதலிய அஃறிணைப் பெயர்கள் உறுப்பினர்களைக் கருதி ‘அவர்கள்’ எனச் சுட்டப்படுகின்றன. மாதிரியின் மயக்கங்கள் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே பிறக்கின்றன.

3. ஆய்வு முறை

ஒவ்வொரு சுட்டுக்கும் மூன்று நிலைகளில் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. முதற்கண், சுட்டுக்கு முன்வந்த பெயர்களுள் திணை, பால், எண் ஆகியவற்றால் பொருந்துவன அனைத்தும் பட்டியலிடப்பட்டன. இவை இங்கு ‘வாய்ப்புப் பெயர்கள்’ எனப்படுகின்றன. அடுத்து, சுட்டை நீக்கி அவ்விடத்தில் ஒவ்வொரு வாய்ப்புப் பெயரையும் வைத்துத் தொடர் வாசிக்கப்பட்டது. பொருந்தாப் பொருள் தருவன விலக்கப்பட்டன. இறுதியாக, எஞ்சியவை ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின், அவற்றால் கடமையோ உரிமையோ வேறுபடுகிறதா என்று வினவப்பட்டது. வேறுபடாத மயக்கம் நடைக்குறை மட்டுமே. வேறுபடும் மயக்கமே ஆவணக்குறை.

சுட்டுக்கு மிக அருகில் நிற்கும் பெயரையே அது சுட்டும் என்ற எளிய அளவுகோல் இங்குப் பின்பற்றப்படவில்லை. அதற்கான காரணம் பிரிவு 2 பற்றிய ஆய்வில் விளங்கும்.

4. பகுப்பாய்வு

4.1 இலக்கணம் தீர்க்கும் மயக்கம்: பிரிவு 3

இப்பிரிவில் ‘அவர்கள்’ என்பதற்கு ஆய்வுக் குழு, ஆவணக் குழு என இரண்டு வாய்ப்புப் பெயர்கள் உள்ளன. இரண்டும் அஃறிணை வடிவின ஆதலின் திணை துணை செய்யாது. பெயரை மாற்றி வைத்துப் பார்த்தாலும் இரண்டும் பொருந்துகின்றன. பெற்றுக்கொண்ட குழு பதிவைச் சரிபார்த்தல் இயல்பே; ஒப்படைத்த குழு, காப்பகத்தில் ஏறிய பதிவு பழுதின்றி உள்ளதா எனச் சரிபார்த்தலும் இயல்பே. 30 நாட்கள் கடந்த பின் தவறு யாருடையது என்பது இதனைப் பொறுத்தது. ஆதலின் இது ஆவணக்குறையே.

ஆனால் தொடரின் அமைப்பு ஒரு குறிப்புத் தருகிறது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது வினையியல் விதி. சரிபார்ப்பவரும் ஆய்வுக் குழுவினரே எனின், “ஆய்வுக் குழு பதிவை ஒப்படைத்து, 30 நாட்களுக்குள் அதனைச் சரிபார்த்தல் வேண்டும்” என்று எழுதியிருக்கலாம். சுட்டுப்பெயருக்கே தேவை இராது. ‘ஒப்படைத்த’ என்னும் பெயரெச்சத்தைப் பயன்படுத்தி, அதன்பின் ‘அவர்கள்’ எனப் புதிய எழுவாயை வெளிப்பட அமைத்திருப்பது, வினைமுதல் மாறுகிறது என்பதற்கு அடையாளம். எழுவாயைத் தொக்க வைத்தல் தமிழுக்கு இயல்பாதலின், தொகாமல் நிற்கும் சுட்டு ஒரு காரணம் பற்றியே நிற்கிறது எனக் கொள்ளலாம். எனவே ‘அவர்கள்’ ஆவணக் குழுவைச் சுட்டுதலே பொருந்தும். திருத்தம்: “ஆய்வுக் குழு பதிவை ஒப்படைத்த 30 நாட்களுக்குள் ஆவணக் குழு அப்பதிவைச் சரிபார்த்தல் வேண்டும்.”

4.2 பாதி தீரும் மயக்கம்: பிரிவு 1

இப்பிரிவில் இரு சுட்டுகள் உள்ளன. ‘அவரிடம்’ என்பது ஆய்வாளரையும் சுட்டலாம், தகவலாளரையும் சுட்டலாம். படிவத்தையும் பதிவையும் கையில் வைத்திருப்பவர் ஆய்வாளரே ஆதலின், நகல் பெறவேண்டியவர் தகவலாளர் என்பது பொருளால் பெறப்படுகிறது. இம்மயக்கம் எளிதில் நீங்கும்.

‘அதன்’ என்பது அவ்வாறன்று. ஒப்புதல் படிவத்துக்கும் நகல் உண்டு. ஒலிப்பதிவுக்கும் நகல் உண்டு. முதன்மைத் தொடரின் செயப்படுபொருள் ஒலிப்பதிவு ஆதலின் தொடரமைப்பு அதன் பக்கம் சாய்கிறது. கையொப்பமிட்டவருக்குப் படிவ நகல் தரும் நடைமுறையோ படிவத்தின் பக்கம் சாய்கிறது. தகவலாளர் தம் தாயிடம் கற்ற தாலாட்டைப் பாடிப் பதிவு செய்தவர் எனக் கொள்வோம். ஒரு பொருளின்படி அவருக்குக் கிடைப்பது ஒரு தாள். மற்றொன்றின்படி அவர் குரலும் அப்பாடலும் அவர் வீட்டிலேயே இருக்கும். இவ்விரண்டுள் எதனை ஆவணம் உறுதியளிக்கிறது என்பதை இலக்கணம் கொண்டு முடிவு செய்ய இயலாது.

4.3 தீராத மயக்கம்: பிரிவு 2

அருகில் நிற்கும் பெயர் என்ற அளவுகோலைக் கொண்டால், ‘அதனை’ என்பதற்கு முன்னுள்ள மிக அண்மையான அஃறிணைப் பெயர் ஆவணக் காப்பகம். தகவலாளர் ஆவணக் காப்பகத்தைத் திரும்பப் பெறலாம் என்ற பொருந்தாப் பொருளே அதனால் கிடைக்கும். அண்மை ஒரு குறிப்பே அன்றி விதி ஆகாது என்பதற்கு இதுவே சான்று.

எஞ்சும் வாய்ப்புகள் நான்கு. ஒலிப்பதிவை மட்டும் திரும்பப் பெறலாம் என்பது முதலாவது. எழுத்துப்படியை மட்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் என்பது மூன்றாவது. பிரிவு 1 குறிப்பிட்ட ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பது நான்காவது. இறுதியது இப்பிரிவில் சொல்லாக இல்லை. ஆயினும் ‘திரும்பப் பெறுதல்’ என்னும் வினை ஒப்புதலோடு மிக இயல்பாக இயைவது ஆதலின் வாசிப்போர் மனத்தில் அது எழுகிறது. அவ்வினையே, கொடுத்த பொருளைக் கையில் வாங்குதல், அளித்த இசைவை இரத்துச் செய்தல் என இருபொருள் உடையது. சுட்டின் மயக்கமும் வினையின் மயக்கமும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

எண் கொண்டு ஆராய்ந்தால், உம்மை பெற்று இரு பெயர்கள் இணைந்து நிற்பதால் இரண்டையும் சுட்ட ‘அவற்றை’ என்றே வரவேண்டும். ‘அதனை’ என வந்தமையால் மூன்றாவது வாய்ப்பை விலக்கலாம் எனத் தோன்றும். ஆனால் பன்மைக்கும் ‘அது’ வழங்கும் இக்கால நடையில் இவ்வாதம் உறுதியானது அன்று. ஆவணத்தின் பிற பகுதிகளில் ஆசிரியர் ‘அவை’, ‘அவற்றை’ என்பனவற்றைத் தவறாது வேறுபடுத்தியிருந்தால் மட்டுமே அது செல்லும். இதனை முழு ஆவணத்தையும் வாசித்தே அறியவேண்டும். ‘அதன் எழுத்துப்படியும்’ என முன்தொடரில் வந்த ‘அதன்’ ஒலிப்பதிவைச் சுட்டுவதால், ‘அதனை’ என்பதும் அதனையே சுட்டும் என்று வாதிடலாம். இதுவும் சாய்வே; உறுதி அன்று.

விளைவுகளோ பெரிதும் வேறுபடுகின்றன. ஒலிப்பதிவு மட்டும் நீங்கினால் எழுத்துப்படி காப்பகத்தில் இருக்கும். ஆய்வாளர் அதனை மேற்கோள் காட்டலாம். ஆனால் அதன் உண்மையைப் பின்வருவோர் ஒலியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலாது. இரண்டும் நீங்கினால் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் உள்ள பாடலுக்கு மூலமே இராது. ஒப்புதல் மட்டும் நீங்கினால் இரண்டும் காப்பகத்தில் இருக்கலாம். புதிய பயன்பாடு நிற்கும். தகவலாளர் தம் குரல் இனி எங்கும் ஒலிக்கலாகாது எனக் கருதித் திரும்பப் பெறும்போது, அவருக்கு உண்மையில் கிடைப்பது எது என்பது ஒரே ஒரு வேற்றுமை உருபேற்ற சுட்டில் தங்கியுள்ளது.

4.4 நிகழ்வைச் சுட்டும் மயக்கம்: பிரிவு 4

ஒப்பாரியில் இறந்தவரையும் உற்றாரையும் பெயர் சொல்லியும் உறவு சொல்லியும் பாடுதல் உண்டு. அவ்வாறு பெயர் இடம்பெற்ற உறவினர் மறுப்புத் தெரிவிப்பதாகக் கொள்வோம். “இது தகவலாளருக்கு அறிவிக்கப்படும்” என்பதில் ‘இது’ எதனைச் சுட்டுகிறது? மறுப்பு வந்துள்ளமையா, பகுதி நீக்கப்பட்டமையா? மறுப்பு வந்துள்ளமை எனின், பாடியவருக்கு நீக்கத்திற்கு முன்பே தம் கருத்தைக் கூற வாய்ப்பு உண்டு. நீக்கப்பட்டமை எனின், முடிந்ததை அவர் அறிந்துகொள்ளலாம், அவ்வளவே.

இ என்னும் சுட்டு அண்மையைக் குறிப்பதால் இறுதியாகக் கூறப்பட்ட நீக்கத்தையே சுட்டும் என்பது வலுவான வாதம். ஆனால் ‘அதனால்’ பற்றிய உரை மரபில் கண்டது போல, சுட்டு முன்தொடர் முழுவதையும் தழுவவும் கூடும். ‘நீக்கப்படும்’, ‘அறிவிக்கப்படும்’ என இரண்டும் ஒரே எதிர்கால முற்றாக நிற்பதால் எது முன், எது பின் என்பதைக் காலமும் காட்டவில்லை. இத்தகைய இடத்தில் பெயரை மட்டும் மாற்றி வைத்தல் போதாது. நிகழ்வையும் அதன் காலத்தையும் சொல்லாக்குதல் வேண்டும். “நீக்குவதற்கு முன் அம்மறுப்பு தகவலாளருக்கு அறிவிக்கப்படும்” என்றோ, “நீக்கப்பட்ட செய்தி தகவலாளருக்கு அறிவிக்கப்படும்” என்றோ எழுதினால் மயக்கம் நீங்கும்.

5. திருத்தமும் பத்துக் குற்றங்களும்

சுட்டை நீக்கிப் பெயரை மீண்டும் எழுதுதலே முதன்மையான திருத்தம். இதற்குத் தயங்குவோர் உளர். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று எனக் கற்றுள்ளோம். ஆனால் அதே பட்டியலில் மயங்க வைத்தலும் குற்றமாகவே வைக்கப்பட்டுள்ளது என்பதை மறத்தல் ஆகாது. கூறியது கூறல் என்பது பொருளை மீண்டும் கூறுதல்; சொல்லை மீண்டும் வழங்குதல் அன்று. “ஆவணக் குழு அப்பதிவைச் சரிபார்த்தல் வேண்டும்” என்னும் தொடரில் ‘பதிவு’ என்னும் சொல் மீண்டும் வந்தாலும், எதனைச் சரிபார்ப்பது என்ற புதிய உறுதி அதனால் கிடைக்கிறது. ஆதலின் அது குற்றம் ஆகாது.

பெயரை மீண்டும் எழுதும்போது அதே பெயரையே எழுதவேண்டும் என்பதும் இன்றியமையாதது. ஒரு பொருளைக் குறித்த பல பெயர்கள் வெவ்வேறு வினைகளோடு வரின் அவை ஒரு பொருளைக் குறித்தனவாக ஒன்றி நில்லா என்னும் கருத்தைக் கிளவியாக்கம் கூறுகிறது. ஒரு பிரிவில் தகவலாளர் ஒப்புதல் அளிப்பார் எனவும், வேறொன்றில் பங்கேற்பாளர் நகல் பெறுவார் எனவும், மற்றொன்றில் கலைஞர் மறுக்கலாம் எனவும் எழுதினால், ஒருவரே மூவராகத் தோன்றுவார். சுட்டை நீக்கப்போய்ப் பெயர் மயக்கத்தை உண்டாக்குதல் இதனால் விளையும்.

எல்லாச் சுட்டுகளையும் நீக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. ஒரே வாய்ப்புப் பெயர் உள்ள இடத்தில் சுட்டு நிற்கலாம். ‘அப்பதிவு’, ‘அம்மறுப்பு’ என்பன போலச் சுட்டெழுத்தைப் பெயரோடு சேர்த்து எழுதினால், சுட்டின் தொடர்ச்சியும் பெயரின் தெளிவும் ஒருங்கே கிடைக்கும். கொள்கை நடைக்கு இவ்வடிவம் மிகப் பொருந்துவது.

பிரிவு 1-இன் ‘அதன்’, பிரிவு 2-இன் ‘அதனை’, பிரிவு 4-இன் ‘இது’ ஆகிய மூன்றையும் திருத்துவோர் தாமே முடிவு செய்தல் கூடாது. வாய்ப்புகளை நிரல்பட எழுதி, ஒவ்வொன்றின் விளைவையும் ஒரு தொடரில் குறித்து, கொள்கையை வகுத்தோரிடம் வினாவாக அனுப்புதலே செய்யத்தக்கது. பிரிவு 2-க்கு அவ்வினா இவ்வாறு அமையலாம்: “தகவலாளர் திரும்பப் பெறக்கூடியது ஒலிப்பதிவா, எழுத்துப்படியா, இரண்டுமா, ஒப்புதலா? திரும்பப் பெற்ற பின் காப்பகத்தில் எஞ்சுவது எது?” வகுத்தோரே இதற்கு உடனடியாக விடை கூற இயலாமல் போகலாம். அவ்வாறாயின், அவர்கள் முடிவெடுக்காத ஒன்றையே அச்சுட்டு மறைத்திருந்தது என்பது தெளிவாகும்.

6. முடிவுரை

மாதிரியின் நான்கு பிரிவுகளில் ஆய்வுக்கு உள்ளான சுட்டு மயக்கங்கள் ஐந்து. அவற்றுள் ‘அவர்கள்’ என்பது வினையெச்ச, பெயரெச்ச வேறுபாட்டாலும், ‘அவரிடம்’ என்பது பொருட்பொருத்தத்தாலும் தெளிவாயின. ‘அதன்’, ‘அதனை’, ‘இது’ ஆகிய மூன்றும் தெளிவாகவில்லை. அம்மூன்றுமே தகவலாளரின் உரிமை பற்றியவை. திணை, எண், எச்சம், அண்மை ஆகியவை வாய்ப்புகளைக் குறைக்கின்றன. ஒன்றாக்குவது சில இடங்களிலேயே. எஞ்சும் இடங்களில் மரபிலக்கணம் நமக்குக் கற்பிப்பது, மயங்க வைத்தல் குற்றம் என்பதையும், பெயரை மீண்டும் கூறுதல் குற்றம் அன்று என்பதையுமே. இங்கு ஆராயப்பட்டது சிறு மாதிரி ஆதலின், தான், தாம் என்னும் தற்சுட்டுப் பெயர்களும் தொக்க எழுவாயும் விளைக்கும் மயக்கங்கள் தனியே ஆராயத்தக்கன.